விபத்தின் முதல் எழுத்து: யாழ்ப்பாணத் தொழிற்சாலையிலிருந்து காப்புறுதிக் கம்பனிக்குச் செல்லும் அறிவித்தல்

வேலைத்தலத்தில் காயமுற்ற ஒருவருக்கு நட்டஈடு வழங்கும் கடமை இலங்கையில் இன்றும் தொழில் தருநரின் தலைமேலேயே உள்ளது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இக்கடமையை விதித்தது. பிரித்தானியாவில் 1897இல் பிறந்து, 1923இல் இந்தியச் சட்டமாக உருமாறிய ஒரு கருத்தை இலங்கையின் நிலைமைக்கு ஏற்பத் தழுவிக்கொண்ட சட்டம் அது. யார் தவறு செய்தார் என்று தேடாமல், வேலையிலிருந்து எழுந்து வேலை நேரத்தில் நேர்ந்த விபத்தா என்ற ஒன்றை மட்டும் முதன்மையாகப் பார்க்க வேண்டும் என்பதே அக்கருத்து. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில், 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்கு உட்பட்ட ஆலையில் வேலை செய்பவர், காயமுற்றால் அதற்கென உள்ள பொதுக் கழகத்திடமே தமது உரிமையைக் கேட்கிறார். யாழ்ப்பாணத்துத் தொழிலாளிக்கு அத்தகைய கழகம் இல்லை. அவர் தமது முதலாளியிடம் கேட்க வேண்டும். முதலாளி காப்புறுதி எடுத்திருந்தால், தாம் செலுத்த வேண்டிய தொகையை அவர் கம்பனியிடம் கேட்க வேண்டும். காப்புறுதி ஒப்பந்தத்தில் தொழிலாளி ஒரு தரப்பல்லர். எனினும் அந்த ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனை, அதாவது விபத்தை உரிய விபரங்களுடன் அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை, மீறப்பட்டால் அதன் வலி பெரும்பாலும் அவரிடமே வந்து சேர்கிறது. ஏனெனில், காப்புறுதிப் பணம் வராது என்று அறிந்த சிறிய முதலாளி தமது கையிலிருந்து கொடுப்பதைத் தள்ளிப்போடுவார், குறைப்பார், இறுதியில் மறுப்பார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று இயங்கும் தொழிற்சாலைகளின் அளவை மனத்திற் கொண்டால் இந்த இடர் விளங்கும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் உற்பத்தி செய்து 1990இல் போரால் நின்றுபோனது. அதன் அளவிலான ஒரு நிறுவனத்தில் நலன்புரி அலுவலரும் விபத்துப் பதிவேடும் மருத்துவ அறையும் இருப்பது வழமை. அந்நிலை இப்போது குடாநாட்டில் அரிது. போர்க்காலத்தில் மூடுண்டு 2014இல் இந்திய உதவியுடன் மீளத் திறக்கப்பட்ட அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையிலும், கரையோரத்து ஐஸ் ஆலைகளிலும், அரிசி ஆலைகளிலும், பிளாஸ்ரிக் வேலைத்தலங்களிலும் பத்துப் பேரோ முப்பது பேரோ வேலை செய்யும் இடங்களே அதிகம். அங்கே சம்பளக் கணக்கு எழுதுபவரே காப்புறுதிப் பத்திரத்தையும் கோவையில் வைத்திருப்பார். விபத்து நடந்த அன்று மருத்துவமனைக்கு ஓடுபவரும் அவராகவே இருப்பார். அறிவித்தல் எழுதப்படாமல் போவதற்கு முதற் காரணம் கெட்ட எண்ணம் அன்று. எழுத வேண்டியவரின் கை வேறெங்கோ இருப்பதுதான்.

ஒரே விபத்து பல இடங்களுக்கு அறிவிக்கப்பட வேண்டியது என்பதும், ஓரிடத்துக்குச் சொன்னது மற்றோரிடத்துக்குச் சொன்னதாகாது என்பதும் முதலில் தெளிவுபட வேண்டும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, விபத்தில் உயிர் போனாலோ, காயமுற்றவர் மூன்று நாட்களுக்கு மேல் தாம் செய்துவந்த வேலையில் முழுச் சம்பளம் உழைக்க இயலாதவரானாலோ, தொழிற் திணைக்களத்தின் கீழ் இயங்கும் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதகப் பொறியியலாளருக்கு உரிய படிவத்தில் உடனடியாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். இந்த அறிவித்தலின் நோக்கம் இயந்திரமும் அதன் காப்பும் பற்றிய விசாரணை. காயமுற்றவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டால் அங்குள்ள பொலிஸ் காவலரண் ஒரு பதிவை இடும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கான படிவமும் பொலிஸ் வழியாகவே போகும். இதன் நோக்கம் குற்றம் நிகழ்ந்ததா என்று அறிவது. தொழிலாளியின் உரிமைக்கோரல் செல்ல வேண்டிய இடம் வேலையாள் நட்டஈட்டு ஆணையாளர். அவர் நீதிமன்றத்தை ஒத்த அதிகாரத்துடன் விசாரித்துத் தீர்ப்பவர். இவை எல்லாவற்றுக்கும் வெளியே நிற்பது காப்புறுதிக் கம்பனி. பொலிசுக்குச் சொல்லியாயிற்று, தொழிற் கந்தோருக்குச் சொல்லியாயிற்று, ஆகவே கம்பனி அறிந்திருக்கும் என்று எண்ணுவது குடாநாட்டில் மட்டுமன்றி எங்கும் காணப்படும் பிழை.

வேலையாள் நட்டஈட்டுக் காப்புறுதிப் பத்திரத்தின் நிபந்தனைகள், பிரித்தானிய மாதிரியிலிருந்து வந்தவை என்பதால், கம்பனிக்குக் கம்பனி பெரிதும் வேறுபடுவதில்லை. உரிமைக்கோரலுக்கு இடந்தரக்கூடிய எந்நிகழ்வும் இயன்ற அளவு விரைவில், முழு விபரங்களுடன், எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். அது தொடர்பாக வரும் ஒவ்வொரு கடிதமும் அழைப்பாணையும் பெற்றவுடன் கம்பனிக்கு அனுப்பப்பட வேண்டும். மரண விசாரணையோ வழக்கோ வரவிருப்பது தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும். கம்பனியின் எழுத்துச் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்கவோ, தொகை பேசவோ, கொடுக்கவோ கூடாது. இந்த வாசகங்களில் மூன்று சொற்றொடர்கள் கவனிக்கத்தக்கவை. ‘உரிமைக்கோரலுக்கு இடந்தரக்கூடிய’ என்பதனால், தொழிலாளி இன்னும் ஒன்றும் கேட்கவில்லை என்பது காத்திருக்கக் காரணமாகாது. ‘விரைவில்’, ‘முழு விபரங்களுடன்’ என்பன ஒன்றையொன்று இழுப்பவை. முழு விபரம் சேரும்வரை காத்திருந்தால் விரைவு போய்விடும். ஆகவே அனுபவமுள்ள அலுவலர்கள் இரண்டு படியாகச் செய்வார்கள்: கையில் உள்ளதை மட்டும் வைத்து முதல் நாளே ஒரு சுருக்கமான எழுத்து அறிவித்தல், பின்னர் கம்பனி தரும் உரிமைக்கோரற் படிவத்தில் முழு விபரம்.

முதல் அறிவித்தல் எத்தகையது என்பதை ஒரு கற்பனை நிகழ்வைக் கொண்டு பார்க்கலாம். பழைய பிளாஸ்ரிக் கழிவை அரைத்து மணியாக்கும் ஒரு வேலைத்தலத்தில், 34 வயதுடைய ஒருவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.40 மணிக்கு அரவை இயந்திரத்தின் வாயில் சிக்கிய துண்டை எடுக்க முனைந்தபோது கத்தியில் கை பட்டு, வலக்கைச் சுட்டுவிரலை நடு மூட்டில் இழந்து, நடுவிரலின் நுனியும் நசுங்கப் பெற்றார் என்று கொள்வோம். அவர் முதலில் அச்சுவேலி வைத்தியசாலைக்கும் அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டார். அன்று பிற்பகலே கம்பனியின் யாழ்ப்பாணக் கிளைக்குச் செல்ல வேண்டிய கடிதத்தின் உடல் இவ்வளவே போதும்:

“மேற்படி காப்புறுதிப் பத்திரத்தின் கீழ் அடங்கும் எமது வேலையாள் ஒருவர் இன்று மு.ப. 10.40 மணிக்கு எமது வேலைத்தலத்தில், பிளாஸ்ரிக் அரவை இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருக்கையில் காயமுற்றுள்ளார். வலக்கைச் சுட்டுவிரலும் நடுவிரலும் காயப்பட்டுள்ளன. காயத்தின் முழு அளவு இன்னும் மருத்துவரால் அறிவிக்கப்படவில்லை. அவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டுள்ளார். அவ்வேளை அருகில் இருவர் வேலை செய்தனர். இயந்திரம் நிறுத்தப்பட்டு, தங்கள் பரிசோதனைக்காக அப்படியே விடப்பட்டுள்ளது. அதை மீள இயக்குவதற்கு முன் தாங்கள் பார்வையிட விரும்பினால் அறியத் தரவும். உரிமைக்கோரற் படிவத்தை அனுப்பி வைக்கவும்.”

இதனுடன் பத்திரத்தின் இலக்கம், வேலையாளின் முழுப் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், தொடர்புகொள்ள வேண்டியவரின் தொலைபேசி ஆகியன மேலே இருக்க வேண்டும். காரணம் பற்றிய ஊகமோ, யார் தவறு என்ற தீர்ப்போ இல்லாதிருப்பதே இக்கடிதத்தின் வலிமை. கடிதம் கிளையில் நேரே கொடுக்கப்பட்டால் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் பெற வேண்டும். தபாலில் போனால் பதிவுத் தபால் பற்றுச்சீட்டு கோவையில் இருக்க வேண்டும். காப்புறுதியை விற்ற முகவர் பெரும்பாலும் ஊரவர், உறவினர்கூட. “அண்ணை, ஒரு விபத்து நடந்திட்டுது” என்று அவருக்குத் தொலைபேசியில் சொன்னதை அறிவித்தல் என்று முதலாளிகள் நம்புவதுண்டு. பத்திரம் கேட்பது கம்பனிக்கு எழுத்தில் கொடுப்பதை. முகவருடன் நடந்த உரையாடலைப் பின்னர் நிறுவுவது கடினம். அந்த நிறுவும் பொறுப்பும் முதலாளியினுடையதே.

இரண்டாம் படியான உரிமைக்கோரற் படிவத்தில்தான் உண்மையான சிக்கல்கள் தொடங்குகின்றன. படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். சாட்சிகள் சொல்வது யாழ்ப்பாணத் தமிழில் இருக்கும். மருத்துவ அறிக்கை மீண்டும் ஆங்கிலத்தில் வரும். இந்த மொழிமாற்றத்தில் விபத்தின் உருவமே மாறிப்போகக் கூடும். ‘மிசினுக்கை கையை விட்டிட்டார்’ என்று உடன் வேலை செய்தவர் சொன்னதை, கையை வேண்டுமென்றே நுழைத்தார் என்று ஆங்கிலத்தில் எழுதினால், அது சட்டத்தின் விதிவிலக்கு ஒன்றின் வாசலில் போய் நிற்கிறது. பேச்சுத் தமிழில் அந்தச் சொற்றொடர் நோக்கத்தைக் குறிப்பதே இல்லை. கை உள்ளே போனது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. ஆகவே சாட்சியின் கூற்றைத் தமிழிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெற்று, மொழிபெயர்ப்பை அதனுடன் இணைப்பதே பாதுகாப்பானது.

படிவத்தின் மிக ஆபத்தான கட்டம் ‘விபத்துக்குக் காரணம்’ என்பது. அதில் ‘கவனயீனம்’ என்ற ஒற்றைச் சொல் எழுதப்படுவது வழக்கம். முதலாளிக்கு அது இயல்பாகத் தோன்றுகிறது; தம் இயந்திரத்தில் பிழை இல்லை என்று சொல்ல அவர் விரும்புகிறார். ஆனால் நட்டஈட்டுச் சட்டத்தின் கண்ணில் கவனயீனம் ஒரு பொருட்டே அன்று. மரணத்தில் முடியாத காயத்தைப் பொறுத்தவரை, விபத்து நேரடியாகக் குடிபோதையாலோ போதைப்பொருளாலோ நேர்ந்திருந்தால், அல்லது பாதுகாப்புக்கென வெளிப்படையாக இடப்பட்ட கட்டளையை வேலையாள் வேண்டுமென்றே மீறியதால் நேர்ந்திருந்தால், அல்லது பாதுகாப்புக்கென வைக்கப்பட்டது என அறிந்தே ஒரு காப்பை வேண்டுமென்றே அகற்றியதால் நேர்ந்திருந்தால் மட்டுமே வேலையாளின் நடத்தையைக் காட்டித் தொழில் தருநர் விடுபடுகிறார். ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லின் பாரம் பெரிது. அயர்வு, அவசரம், பழக்கத்தின் துணிவு எதுவும் அதற்குள் வராது. ஆகவே ‘கவனயீனம்’ என்று எழுதுவதால் முதலாளி எதிலிருந்தும் தப்பிக்கவில்லை. மாறாக, கம்பனியின் மதிப்பீட்டாளர் மூன்றாவது விதிவிலக்கைத் தேடிக் கேள்வி கேட்கத் தொடங்குவார். உரிமைக்கோரல் மாதக்கணக்கில் நிற்கும்.

எடுத்துக்கொண்ட நிகழ்வில் நடந்தது என்ன என்று நெருங்கிப் பார்த்தால், அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது வேறு. அரவை இயந்திரத்தின் சுழலும் கத்திகள் கனமான சில்லுடன் இணைந்தவை. நிறுத்தும் பொத்தானை அழுத்திய பின்னும் சில்லின் வேகம் அடங்கும்வரை கத்தி சுழன்றுகொண்டேயிருக்கும். வேலையாள் பொத்தானை அழுத்தினார். இரைச்சல் குறைந்ததைக் கேட்டு நின்றுவிட்டது என்று எண்ணினார். வாயின் மூடியைத் தூக்கினார். மூடி திறந்தால் மின் தொடர்பு அறுபடும் வகையில் ஒரு ஆளி இருந்திருக்க வேண்டும்; அது பல வாரங்களுக்கு முன்பே பழுதாகி, உற்பத்தி நிற்கக் கூடாது என்று கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. அந்த ஆளி சரியாக இருந்திருந்தாலும் மின்சாரம் அறுந்திருக்குமே தவிரச் சில்லு உடனே நின்றிராது. ஆகவே சில்லு நிற்கும்வரை மூடியைத் திறக்க விடாத ஒரு பூட்டு இருந்ததா என்பதே சரியான கேள்வி. இவை அனைத்தையும் எழுதினால் முதலாளிக்குத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் சிரமம் வரலாம் என்பது உண்மை. எனினும் அவற்றை மறைத்து எழுதினால் பரிசோதகப் பொறியியலாளரின் அறிக்கையும் கம்பனிக்குக் கொடுத்த படிவமும் முரண்படும். காப்புறுதி என்பது முழு நம்பகத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தம் என்பதால் அந்த முரண்பாடு விபத்தைவிடப் பெரிய கேடாக முடியலாம். காப்பு அகற்றப்பட்டதை நிர்வாகம் அறிந்தே பொறுத்திருந்தது என்ற உண்மை, தொழிலாளி அதை வேண்டுமென்றே அகற்றவில்லை என்பதற்கு வலுவான சான்றாகும்.

இயந்திரத்தின் நிலை கெடுவதற்கு முன் எடுக்கப்படும் படம் இதனாலேயே அவசியம். இரத்தம் தோய்ந்த இயந்திரத்தை உடனே கழுவிவிட வேண்டும் என்ற உணர்வு மனித இயல்பு. ஆனால் கழுவி, பழுதான ஆளியை மாற்றி, மறுநாள் காலை வேலை தொடங்கிய பின்னர் எழுதப்படும் விபரம் எதையும் காட்டாது. மூடியின் நிலை, ஆளியின் கம்பி, சிக்கிய துண்டு, தரை ஈரமாக இருந்ததா என்பன தெரியும் வகையில் நான்கைந்து படங்கள் போதும்.

மருத்துவமனைப் பதிவும் அறிவித்தலும் ஒன்றுபட வேண்டும் என்பதை வலியுறுத்த வேண்டியிருக்கிறது. காயமுற்றவரைக் கொண்டுசென்றவர், பொலிஸ் வந்து தொந்தரவு தரும் என்ற அச்சத்தால், வீட்டில் நடந்தது என்று சேர்க்கைப் பிரிவில் சொல்லிவிடுவது உண்டு. அந்த ஒரு வரி மருத்துவமனைக் குறிப்பில் ஏறிவிட்டால் அது அழியாது. மாதங்கள் கழித்து ஆணையாளர் முன் விபத்து வேலைத்தலத்தில் நடந்தது என்று நிறுவ முயலும்போது, அதே நாளில் அதே தரப்பால் சொல்லப்பட்ட எதிர்க்கூற்று எதிரே நிற்கும். அவ்வாறு சொல்லப்பட்டுவிட்டால், தாமதியாமல் பொலிசிடமும் மருத்துவரிடமும் உண்மையைச் சொல்லித் திருத்தக் கூற்றைப் பதியச் செய்வதும், கம்பனிக்கு எழுதும் கடிதத்தில் இந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்று தாமாகவே சொல்லிவிடுவதும் தவிர வேறு வழியில்லை.

காயத்தைப் பற்றிய விபரத்திலும் சொல்லின் துல்லியம் பணமாகிறது. சட்டத்தின் அட்டவணை, நிலையான பகுதி இயலாமையை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உழைக்கும் ஆற்றலின் இழப்பு இத்தனை வீதம் என்று வகுக்கிறது. ‘விரல் போய்விட்டது’ என்பது அட்டவணைக்கு ஒன்றும் சொல்வதில்லை. எந்தக் கை, எந்த விரல், எந்த மூட்டில் என்பதையே அது கேட்கிறது. முதல் நாளில் இவ்விபரம் தெரியாதபோது அதைத் தெரியாததென்றே விடுவது நல்லது. ‘சிறிய வெட்டுக்காயம்’ என்று எழுதிவிட்டுப் பின்னர் விரல் துண்டிக்கப்பட்டது என்று சொல்வது, காயம் மிகைப்படுத்தப்படுகிறது என்ற ஐயத்தைத் தானாகவே எழுப்பும். இறுதி வீதம் புண் ஆறிய பின்னரே மருத்துவரால் சொல்லப்படக்கூடியது. அறிவித்தலின் வேலை அதை ஊகிப்பதன்று, அது பின்னர் அளக்கப்படுவதற்கான தொடக்கப் புள்ளியைப் பிழையின்றிக் குறிப்பதே.

சம்பள விபரம் என்ற பகுதி, படிவத்தில் மிகச் சலிப்பூட்டுவதாகத் தோன்றினும், கணக்கின் இதயம் அதுவே. நட்டஈடு மாதச் சம்பளத்தைக் கொண்டு அளக்கப்படுகிறது. மாதச் சம்பளம் என்பது, தொடர்ந்து ஓராண்டு வேலை செய்தவருக்கு, விபத்துக்கு முந்திய 12 மாதங்களில் அவருக்குச் சேர வேண்டியிருந்த மொத்தச் சம்பளத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு. மேலதிக நேரக் கொடுப்பனவு இதில் சேரும். முதலாளி செலுத்தும் சேமலாப நிதிப் பங்கும் பயணச் செலவுக்கான கொடுப்பனவும் சேரா. எடுத்துக்கொண்ட நிகழ்வில் அடிப்படைச் சம்பளம் மாதம் 30,000 ரூபா. வரவுக் கொடுப்பனவு மாதம் 2,000 ரூபா. மேலதிக நேரம் மாதத்துக்கு மாதம் வேறுபட்டு ஆண்டில் மொத்தம் 84,000 ரூபா. பேருந்துச் செலவுக்கு மாதம் 3,000 ரூபா என்று கொள்வோம். அடிப்படை 3,60,000, வரவுக் கொடுப்பனவு 24,000, மேலதிக நேரம் 84,000 ஆகக் கூடினால் 4,68,000; அதன் பன்னிரண்டில் ஒன்று 39,000 ரூபா. பேருந்துச் செலவு விடப்படுகிறது. கணக்கெழுதுபவர் ‘மாதச் சம்பளம் 30,000’ என்று ஒரு வரியில் எழுதியிருந்தால், தொழிலாளியின் நட்டஈட்டு அடிப்படை ஒவ்வொரு மாதத்துக்கும் 9,000 ரூபா குறைந்திருக்கும். படிவம் 12 மாதங்களுக்கும் தனித்தனிக் கட்டங்களைக் கேட்பது இதனாலேதான்.

இடைவெளிகள் இக்கணக்கைக் கலைக்கும். இலங்கைச் சட்டத்தின் மாதிரியான 1923ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், 14 நாட்களுக்கு மேற்பட்ட வராமை வேலையின் தொடர்ச்சியை அறுக்கும் என்று வைத்து, தொடர்ச்சி அறுந்தவருக்கு வேறு முறையில் சராசரி கண்டது. டெங்குக் காய்ச்சலால் மூன்று கிழமை வராமல் இருந்ததை வரவுப் பதிவேடு காட்டும்போது, அந்த மாதத்தில் மட்டும் சம்பளம் ஏன் குறைந்தது என்ற குறிப்பு அறிவித்தலுடன் செல்லாவிட்டால், குறைந்த எண்ணே சராசரியை இழுத்துவிடும்.

இதே எண்கள் முதலாளியின் மேலும் திரும்பக்கூடியவை. காப்புறுதிக் கட்டணம் ஆண்டுத் தொடக்கத்தில் மதிப்பிட்டுச் சொல்லப்பட்ட மொத்தச் சம்பளத்தைக் கொண்டு கணிக்கப்பட்டு, ஆண்டு முடிவில் உண்மையான சம்பளக் கணக்கைக் கொடுத்துச் சரிசெய்யப்பட வேண்டியது. கட்டணத்தைக் குறைப்பதற்காக அடிப்படைச் சம்பளத்தை மட்டும் அறிவித்தவர், விபத்தின்போது 39,000 ரூபா என்று உண்மையை எழுதத் தயங்குவார். தொழில் வகையும் அவ்வாறே: பத்திரத்தின் அட்டவணையில் ஒருவர் பொதி கட்டுபவராகக் காட்டப்பட்டு, விபத்து நாளில் வராத இன்னொருவருக்குப் பதிலாக அரவை இயந்திரத்தில் நின்றிருந்தால், அதை மறைக்கும் ஆசை பெரிது; ஏனெனில் இயந்திரத்தில் வேலை செய்பவருக்கான கட்டணம் கூடியது. இரண்டிலும் உண்மையை எழுதி, வேண்டிய கட்டண வேறுபாட்டைச் செலுத்த முன்வருவதே நிலைக்கக்கூடிய வழி. பேசித் தீர்க்கக்கூடிய ஒரு கட்டணப் பிணக்கை, பொய்யான விபரம் பத்திரமே செல்லாதென்ற வாதமாக வளர்த்துவிடும். நாட்கூலிக்கு அழைக்கப்பட்டவர், ஒப்பந்தகாரர் அனுப்பியவர் என்போர் அட்டவணையில் இருக்கிறார்களா என்பதை விபத்துக்கு முன் பார்த்துவைக்காத தொழிற்சாலைக்கு, விபத்துக்குப் பின் அதற்கு விடை தேடுவது மிகக் கடினம்.

பொறுப்பை ஏற்கவோ பணம் கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனை, நல்ல மனமுள்ள முதலாளிகளையும் குழப்புகிறது. மருந்துச் செலவுக்குக்கூட உதவக் கூடாது என்று சிலர் அதை விளங்கிக்கொள்கின்றனர். வேறு சிலர், எதிர்த்திசையில் சென்று, ஒரு தொகையைக் கையில் கொடுத்து, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்ற கடிதத்தில் காயமுற்றவரின் கையொப்பத்தை வாங்கிவிடுகின்றனர். இரண்டும் பிழை. காயமுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும் அவசர சிகிச்சைக்குச் செலவிடுவதும் பொறுப்பை ஏற்பதாகா. பற்றுச்சீட்டுகளைப் பேணி, செலவு செய்யப்பட்டதைக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்தால் போதும். உரிமையைக் கைவிடும் கடிதமோ சட்டத்தின் முன் வெறும் தாள். சட்டம் தரும் நட்டஈட்டைக் குறைக்கவோ நீக்கவோ செய்யும் உடன்பாட்டுக்குச் செல்லுபடி கிடையாது. தொகை பற்றி இரு தரப்பும் உண்மையாகவே உடன்பட்டாலும் அது ஆணையாளரிடம் பதியப்பட வேண்டியது. மரணம் நேர்ந்தால், நட்டஈடு தங்கிவாழ்வோருக்கு நேரே கொடுக்கப்படாமல் ஆணையாளரிடம் வைப்பிடப்பட வேண்டும். துயர வீட்டில் முதலாளி கொடுத்த பணம் எவ்வளவாயினும் அக்கடமையைத் தீர்க்காது.

2022இல் நட்டஈட்டுச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம் இரண்டு வகையில் அறிவித்தலைப் பாதிக்கிறது. நட்டஈட்டின் உச்ச எல்லை 5,50,000 ரூபாவிலிருந்து 20,00,000 ரூபாவாக உயர்ந்தது. பழைய எல்லையை நினைத்து எடுக்கப்பட்ட பத்திரத்தின் பொறுப்பெல்லை இன்று போதுமா என்பது பார்க்கத்தக்கது. வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நேரும் விபத்தும் சட்டத்துள் வந்தது. மோட்டார்ச் சைக்கிளில் பருத்தித்துறை வீதியால் வேலைக்கு வரும்போது விழுந்தவரைத் தொழிற்சாலை விபத்தாக எவரும் நினைப்பதில்லை. ஆகவே அத்தகைய விபத்துகள் வாகனக் காப்புறுதிக்கு மட்டும் அறிவிக்கப்பட்டு, நட்டஈட்டுக் காப்புறுதிக்குத் தெரியாமலே போகின்றன. இவற்றில் அறிவிக்க வேண்டிய விபரம் வேறு: வீட்டிலிருந்து புறப்பட்ட நேரம், வழமையான பாதை, அன்று சென்ற பாதை, பாதை மாறியிருந்தால் ஏன், வேலை தொடங்க வேண்டிய நேரம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் வரவுப் பதிவேட்டின் பக்கமும் இவற்றை உறுதிசெய்யும்.

அறிவித்தல் தாமதமானால் எல்லாம் முடிந்துவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. முதலாளிக்கும் கம்பனிக்கும் இடையே நிபந்தனை மீறப்பட்டிருக்கலாம். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே சட்டம் விதித்த கடமை அதனால் குறைவதில்லை. கம்பனி மறுத்ததைக் காரணம் காட்டி முதலாளி ஆணையாளர் முன் தப்பிக்க முடியாது. தாமதமான அறிவித்தலைத் திகதி மாற்றி எழுதுவதே மீளமுடியாத பிழை; கிளையின் வரவு முத்திரையும் மருத்துவமனைப் பதிவும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். விபத்து நாள், முதலாளி அதை அறிந்த நாள், எழுதும் நாள் மூன்றையும் வெவ்வேறாகக் குறித்து, இடைப்பட்ட காலத்தில் ஏன் எழுதப்படவில்லை என்பதைச் சொல்லும் கடிதத்துக்குக் கம்பனியின் விளக்கம் கேட்கும் கடிதம் வரலாம். அதற்கு விடை சொல்லக்கூடிய ஆவணங்கள் இருந்தால் அது பேசக்கூடிய நிலை.

புண் ஆறி, வேலையாள் திரும்பி வந்த நாளை அறிவிப்பது பெரும்பாலும் மறக்கப்படும் கடைசி விபரம். தற்காலிக இயலாமைக்கான அரைமாதக் கொடுப்பனவு எப்போது நிற்கிறது என்பது அந்த நாளைப் பொறுத்தது. எடுத்துக்கொண்ட நிகழ்வில் அவர் இரண்டு மாதங்களுக்குப் பின் காவலாளியாக, குறைந்த சம்பளத்தில், வேலைக்குத் திரும்பினார் என்று கொண்டால், ‘வேலைக்குத் திரும்பினார்’ என்று மட்டும் எழுதுவது பொய்யாகாது, ஆனால் முழு உண்மையும் ஆகாது. எந்த வேலைக்கு, என்ன சம்பளத்துக்கு, அரவை இயந்திரத்தில் இனி அவரால் நிற்க முடியுமா என்பது பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்று அதே கடிதத்தில் எழுதினால், கம்பனியின் மதிப்பீட்டாளரும் ஆணையாளரும் வலக்கையில் இருவிரல் காயமுற்ற ஒருவரின் உழைக்கும் ஆற்றலை அளக்கத் தேவையான கடைசி எண் அதில் கிடைக்கும்.